திரும்பி வந்த 20 சேலைகள்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், கும்பகோணத்துக் கடை ஒன்றுக்கு 100 பருத்திச் சேலைகளைக் கடனுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை ஒன்று 600 ரூபாய். அவருக்கு அடக்கம் 450. சரக்கு 60,000 ரூபாய், அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 3,000, ஆக பில் தொகை 63,000. பேரேட்டில் கும்பகோணத்துக் கடையின் பெயரில் 63,000 பற்று எழுதுகிறார். விற்பனைக் கணக்கில் 60,000 வரவு. மீதி 3,000 அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி. அவர் லாபத்தில் அது சேராது. 45,000 ரூபாய் அடக்கமுள்ள சரக்கை 60,000க்கு விற்றதில் லாபம் 15,000.

சில நாள் கழித்து அதே கடைக்கு 12,600 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போடுகிறார். 12,000 சரக்குக்கு, 600 வரிக்கு. கடைக்காரர் தர வேண்டிய பாக்கி 50,400 ஆகிவிட்டது. இப்போது லாபம் எவ்வளவு குறைந்திருக்கும்?

12,000 என்று பலர் சொல்வார்கள். சரக்குதான் திரும்ப வந்துவிட்டதே, ஒன்றும் குறையாது என்பவர்களும் உண்டு. கிரெடிட் நோட்டையும் பாக்கியையும் மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது என்பதுதான் விஷயம். எதற்காகப் போட்டார் என்று தெரிய வேண்டும்.

முதலில், நல்ல நிலையில் 20 சேலைகள் திரும்பி வந்தன என்று கொள்வோம். கேட்ட நிறம் வேறு, போன நிறம் வேறு. மடிப்புக் கலையாமல் அனுப்பிவிட்டார்கள். விற்பனை 48,000 ஆகிறது. ஆனால் 20 சேலைகளும் 450 ரூபாய் அடக்கத்தில் மறுபடி குடோனில் ஏறிவிட்டன. உண்மையில் விற்றது 80 சேலைகள், அவற்றின் அடக்கம் 36,000, லாபம் 12,000. குறைந்தது 3,000 மட்டுமே. நாளைக்கே அவற்றை வேறொரு கடைக்கு 600க்குத் தள்ளிவிட்டால் அந்த 3,000மும் கைக்கு வந்துவிடும். போக வர ஆன லாரி வாடகை மட்டும் திரும்பாது.

அதே 20 சேலைகள் சாயம் இறங்கி வந்திருந்தால் கதை வேறு. செகண்ட்ஸ் என்று போட்டால் சேலைக்கு 100 ரூபாய்தான் தேறும். சரக்கிருப்பை மதிப்பிடும்போது அடக்கவிலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதனால் 9,000 ரூபாய் அடக்கமுள்ள சேலைகள் இருப்பில் 2,000 ரூபாய்க்குத்தான் ஏறும். போன லாப வரம்பு 3,000, மதிப்பிழப்பு 7,000. லாபம் 10,000 குறைந்து 5,000ல் நிற்கிறது.

மூன்றாவதாக, ஒரு சேலைகூடத் திரும்பவில்லை. 'பக்கத்துக் கடைக்கு 480க்குக் கொடுத்திருக்கிறீர்களே' என்று கும்பகோணத்துக்காரர் சண்டை போட, சேலைக்கு 120 ரூபாய் விலை குறைத்து 100 சேலைக்கும் கிரெடிட் நோட் போட்டுவிட்டார். தொகை அதே 12,600. குடோனுக்கு எதுவும் வரவில்லை, ஆகவே முழு 12,000மும் லாபத்திலிருந்து போகிறது. மிஞ்சுவது 3,000.

மூன்றிலும் பார்ட்டி கணக்கில் நிற்பது 50,400தான். லாபமோ 12,000, 5,000, 3,000 என்று மாறுகிறது. இதனால்தான் திரும்பி வந்த சரக்கை விற்பனைக் கணக்கிலேயே கழிக்காமல் 'விற்பனைத் திருப்பம்' என்று தனிக் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். விலைக் குறைப்பை அதில் கலக்காமல் இன்னொரு கணக்கில் வைப்பது நல்லது. எல்லாவற்றையும் விற்பனையில் நேராகக் கழித்துவிட்டால், வருடக் கடைசியில் 48,000 என்ற எண் மட்டும் நிற்கும். அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது என்பது எங்கேயும் தெரியாது.

இனி கும்பகோணத்துப் பக்கம். திருப்பி அனுப்பிய கடைக்கு இது கொள்முதல் திருப்பம். ஈரோட்டுக்காரருக்குத் தர வேண்டிய 63,000 அங்கேயும் 50,400 ஆகிறது. கொள்முதல் 60,000லிருந்து 48,000 ஆகிறது. லாபம்? ஒரு ரூபாய்கூட மாறாது. கொள்முதலில் 12,000 குறைகிறது, விற்காமல் கிடந்த சரக்கிலும் அதே 12,000 குறைகிறது, இரண்டும் நேர். கொள்முதல் குறைந்ததால் லாபம் கூடியதாக அவர் கணக்கு காட்டினால், அனுப்பிய சேலைகளை இன்னும் தன் இருப்பில் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

சரக்கோடு அவர் ஒரு டெபிட் நோட் அனுப்புவது வழக்கம்: 'இவ்வளவு உங்கள் கணக்கில் பற்று எழுதியிருக்கிறேன்' என்று. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து ஈரோட்டுக்காரர் தன் வரியைக் குறைக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி விற்றவர்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். வாங்கியவர் ஏற்கெனவே உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்ட 600ஐத் திருப்ப வேண்டும். இதற்குக் காலக்கெடுவும் உண்டு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குப் படிவம் தாக்கல் செய்த நாள், எது முந்தியோ அதற்குள் கிரெடிட் நோட்டைக் காட்டிவிட வேண்டும். தவறினால் பாக்கியைக் குறைத்துக்கொள்ளத் தடையில்லை, கட்டிய வரியைக் குறைக்கத்தான் வழியில்லை. அப்போதும் 12,600ஐ முழுதாகக் கழித்துக் கொடுத்தால் அந்த 600 ஈரோட்டுக்காரரின் கையைக் கடிக்கும்.

தப்பு அதிகம் நடப்பது மார்ச் மாதக் கடைசி வாரத்தில். நல்ல நிலையில் 20 சேலைகள் மார்ச் 28 அன்று குடோனுக்கு வந்துவிட்டன. 31ஆம் தேதி சரக்கு எண்ணியபோது அவற்றையும் சேர்த்தே எண்ணினார்கள். கணக்குப்பிள்ளை கிரெடிட் நோட் போட்டதோ ஏப்ரல் 8. அந்த வருடக் கணக்கில் விற்பனை 60,000 அப்படியே நிற்கிறது. இருப்பிலோ 9,000 ரூபாய்ச் சேலைகள் ஏறிவிட்டன. லாபம் 24,000 என்று வருகிறது. சேலை திரும்பவே இல்லையென்றால்கூட 15,000தான் லாபம். திரும்பி வந்ததால் 9,000 கூடியதுபோல் ஒரு வேடிக்கை. உண்மை லாபம் 12,000. இல்லாத 12,000க்கு வருமான வரி வேறு கட்டுவார், அடுத்த வருடம் அதே தொகை குறைந்து போகும்.

இது தலைகீழாகவும் நடக்கும். கிரெடிட் நோட் மார்ச்சிலேயே போட்டாயிற்று, சேலைகள் லாரி ஆபீசில் கிடந்ததால் எண்ணிக்கையில் விட்டுப்போயின. லாபம் 3,000 என்று காட்டும், 9,000 குறைவு.

இரண்டையும் கண்டுபிடிக்க, ஏப்ரல் முதல் சில வாரங்களில் போட்ட கிரெடிட் நோட்டுகளை எடுத்து, சரக்கு உள்ளே வந்த தேதியைக் குடோன் வரவுப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மார்ச்சில் போட்டவற்றுக்கு, அந்தச் சேலைகள் இருப்புப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிரெடிட் நோட்டே போட மறந்திருந்தால் அதற்கும் தடயம் பாக்கிப் பட்டியலில் கிடக்கும். கும்பகோணத்துக்காரர் 50,400 கட்டிவிட்டு, தன் பாக்கி தீர்ந்தது என்று இருப்பார். ஈரோட்டுப் பேரேட்டில் 12,600 மட்டும் மாதக் கணக்கில் அசையாமல் நிற்கும். வசூலுக்கு ஆள் அனுப்புமுன் அதை வரியோடு சேர்ந்த ஒரு சேலை விலையான 630ஆல் வகுத்துப் பார்க்கலாம். மீதியில்லாமல் 20 என்று வந்தால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் சொந்தக் குடோன்தான்.