கோர்ட்ல இருந்து கவர் வந்தா: சம்மன், அஃபிடவிட், ஜாமீன், வாய்தா

தபால்ல ஒரு கவர் வருது. பிரிச்சா கோர்ட் முத்திரை. உள்ளே உங்க பேருக்குப் பக்கத்துல 'எதிரி'ன்னு போட்டிருக்கு. படிச்ச உடனே வயித்தைக் கலக்கும். யாருக்கு நான் எதிரி ஆனேன்? கோர்ட் தமிழ்ல, கிரிமினல் வழக்குல குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவாங்க. குற்றவாளின்னு அதுக்கு அர்த்தம் இல்லை.

இந்த வார்த்தைகளை ஒரு செக் பவுன்ஸ் வழக்கை வச்சே பார்த்துடுவோம். போலீஸ் பக்கமே போகாதவங்களுக்கும் வரக்கூடிய கிரிமினல் வழக்கு இது.

ஒரு உதாரணம். சென்னையில வேலை பார்க்கிற ஒருத்தர், 2024 மார்ச்ல தெரிஞ்சவர்கிட்ட 1,20,000 ரூபாய் கடன் வாங்குறார். உத்தரவாதமா, முழுத் தொகையும் எழுதி, தேதி போடாம கையெழுத்துப் போட்ட ஒரு செக் கொடுக்கிறார். பிறகு 10,000, 10,000-ஆ அஞ்சு தடவை ஜி-பே பண்றார். மீதி 70,000 இழுத்துக்கிட்டே போகுது. 2025 ஜனவரியில கடன் கொடுத்தவர் தேதி போட்டு 1,20,000-க்கே செக்கை பேங்க்ல போடுறார். பணம் இல்லைன்னு திரும்புது. வக்கீல் நோட்டீஸ் வருது. சும்மா மிரட்டுறார்னு நம்ம ஆள் பதிலே போடலை. நோட்டீஸ் கையில கிடைச்சு 15 நாள்ல பணம் கொடுக்கலைன்னா, அடுத்த ஒரு மாசத்துக்குள்ள வழக்குப் போடலாம். போட்டுட்டார். சில மாசம் கழிச்சு வந்ததுதான் இந்தக் கவர்.

சம்மன்

தமிழ்ல அழைப்பாணை. 'இந்தத் தேதியில, இந்த நீதிமன்றத்துல ஆஜராகணும்'ங்கிற உத்தரவு, அவ்வளவுதான். கைது உத்தரவு கிடையாது, தீர்ப்பும் கிடையாது. முதல்ல நாலு விஷயம் பாருங்க: எந்த நீதிமன்றம், வழக்கு எண், எந்தச் சட்டப் பிரிவு, ஆஜராக வேண்டிய தேதி. பிரிவு 138, மாற்றுமுறை ஆவணச் சட்டம்னு இருந்தா அது செக் வழக்கு.

சம்மன் உண்மையான்னு சந்தேகம் வந்தா services.ecourts.gov.in தளத்துல வழக்கு எண்ணையோ 16 இலக்க CNR எண்ணையோ போட்டுப் பாருங்க. இலவசம்தான். வழக்கு எந்த நிலையில இருக்கு, அடுத்த தேதி என்னன்னு வரும். வாட்ஸ்அப்ல ஒரு 'சம்மன்' அனுப்பி, உடனே இந்த அக்கவுண்ட்ல பணம் கட்டுங்கன்னு சொன்னா அது மோசடி. எந்தக் கோர்ட்டும் அப்படி வசூல் பண்ணாது.

சம்மனை வாங்காம திருப்பி அனுப்பினா தப்பிச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாவே கோர்ட் எடுத்துக்கலாம். அதுக்கு அப்புறமும் போகலைன்னா பிடிவாரண்ட் வரும். கைதுங்கிற பயம் நிஜமாகிறது அங்கேதான்.

அஃபிடவிட்

சம்மனோட புகார் நகலும் வரணும். பெரும்பாலும் கூடவே இன்னொரு காகிதம் இருக்கும்: 'நான் சத்தியப் பிரமாணமாகக் கூறுவது யாதெனில்'னு ஆரம்பிக்கும். அதுதான் அஃபிடவிட், பிரமாணப் பத்திரம். கூண்டுல ஏறிச் சொல்ல வேண்டியதைச் சத்தியம் பண்ணிக் காகிதத்துல கொடுக்கிறது. செக் வழக்குல கடன் கொடுத்தவர் தன்னோட சாட்சியத்தை இப்படி எழுத்துலயே கொடுக்கச் சட்டம் அனுமதிக்குது.

பலர் இதை வக்கீல்கிட்ட அப்படியே நீட்டிடுறாங்க. நீங்க உட்கார்ந்து படிங்க. கடன் எப்ப, எவ்வளவு, எதுக்கு, இன்னும் எவ்வளவு பாக்கின்னு அவர் சொல்றார்? நம்ம உதாரணத்துல '1,20,000 முழுசும் பாக்கி'ன்னு எழுதியிருக்கார். பேங்க் ஸ்டேட்மெண்ட்ல 50,000 போயிருக்கு. இது சின்ன விஷயம் இல்லை. செக் கொடுத்த பிறகு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்து, அதை செக்ல குறிக்காம முழுத் தொகைக்கே போட்டுத் திரும்பினா, 138 குற்றம் பொருந்தாதுன்னு 2022-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. 70,000 பாக்கி அப்படியேதான் இருக்கும், அதுக்கு அவர் சிவில் வழக்குப் போகலாம். ஆனா ஜெயில் வரைக்கும் போகக்கூடிய வழக்கு நிக்காது.

அந்த 50,000 வேற கணக்குன்னு அவர் சொல்லலாம். அதனாலதான் குறுக்கு விசாரணை முக்கியம். அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கணும்னு நம்ம பக்கம் மனு போடணும். போடலைன்னா அந்த அஃபிடவிட்டே கேள்வி கேட்கப்படாத சாட்சியமா நின்னுடும்.

இதே காரணத்துக்காக, உங்க பேர்ல வக்கீல் ஆபீஸ் தயார் பண்ற அஃபிடவிட்டையும் வரி வரியா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதுல பொய் இருந்தா, டைப் அடிச்சவர் இல்லை, நீங்கதான் பதில் சொல்லணும்.

ஜாமீன்

ஜாமீன்னா ஜெயில்ல இருந்து வெளியே வர்றதுன்னு சினிமா பழக்கிடுச்சு. செக் வழக்கு ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். அதாவது ஜாமீன் உங்க உரிமை. முதல் தடவை ஆஜராகும்போது, கூப்பிடுற தேதிக்கெல்லாம் வருவேன்னு ஒரு தொகைக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறீங்க. சில நேரம் உங்க சொந்தப் பத்திரமே போதும். சில நேரம் ஒருத்தரோ ரெண்டு பேரோ ஜாமீன்தாரரா கையெழுத்துப் போடணும். என்ன அடையாளச் சான்று, வருமானச் சான்று வேணும்னு வக்கீல்கிட்ட முந்தின நாளே கேட்டு வச்சுக்குங்க.

பத்திரத்துல எழுதின தொகையை ஜாமீன்தாரர் அன்னைக்கே கட்ட வேண்டியதில்லை. நீங்க வராம ஏமாத்தினாதான் அவர்கிட்ட அந்தத் தொகையைக் கேட்பாங்க. நண்பரைக் கையெழுத்துப் போடக் கூப்பிடுறப்போ இதை அவர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க.

வாய்தா

வழக்கை வேற தேதிக்கு ஒத்திவைக்கிறதும் வாய்தா, அந்தத் தேதியும் வாய்தா. 'அடுத்த வாய்தா எப்ப?'ன்னு கேட்பாங்க. செக் வழக்கை ஆறு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. நடைமுறையில பல வழக்கு வருஷக்கணக்கா போகுது. கைமீறின காரணம் இருந்தாலும் ஒரு தரப்பு கேட்டு ரெண்டு தடவைக்கு மேல ஒத்திவைக்கக் கூடாதுன்னு புது நடைமுறைச் சட்டமும் சொல்லுது. வக்கீல் வேற கோர்ட்ல இருக்கார்ங்கிறது காரணமே ஆகாது.

நம்ம ஆள் மாட்டிக்கக்கூடிய இடம் இது. நாலு வாய்தா போனார், ஒண்ணுமே நடக்கலை. அஞ்சாவது தேதியில ஆபீஸ்ல முக்கியமான ரிலீஸ், போகலை. கோர்ட்ல பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க, ஆள் இல்லை. வாரண்ட். முந்தின நாளே வக்கீல்கிட்ட சொல்லியிருந்தா, அன்னைக்கு மட்டும் வராம இருக்க ஒரு மனு போட்டிருப்பார். '317 பெட்டிஷன்'னு கோர்ட்ல சொல்வாங்க. 2024 ஜூலை 1-க்கு அப்புறம் அது புதுச் சட்டத்துல 355, ஆனா பழைய நம்பர் இன்னும் வாய்ல இருந்து போகலை. வாரண்ட் வந்துட்டாலும் ஓடி ஒளிய வேண்டாம். நேரா ஆஜராகி, அதைத் திரும்பப் பெறச் சொல்லி மனு போடலாம். தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் கஷ்டம்தான் கூடும்.

செக் வழக்கை எந்தக் கட்டத்துலயும் பேசி முடிச்சுக்கவும் சட்டத்துல வழி இருக்கு. 70,000-ஐத் தவணையா கொடுக்க அவர் ஒத்துக்கிட்டா, அதை எழுதி கோர்ட்ல பதிவு பண்ணிக்கலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லைன்னா 15100-க்குக் கூப்பிடுங்க. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட எண். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும்.

அடுத்த எபிசோடுல வாடகை ஒப்பந்தம் பத்திப் பேசுவோம்.