சராசரி வேகம் போதாது

நாளிதழ் அச்சகத்தில் காகிதம் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு வண்ணங்களை நான்கு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கின்றன. முன்பு ஒரே நீண்ட இரும்புத் தண்டு அவற்றைச் சேர்த்துச் சுழற்றியது. இன்று ஒவ்வோர் உருளைக்கும் தனி சர்வோ மோட்டார். அவற்றை இணைப்பது ஈதர்நெட் கேபிள்தான்.

அலுவலக நெட்வொர்க்கில் ஒரு தகவல் பொட்டலம் சுவிட்சில் வரிசையில் காத்திருக்கும். தொலைந்தால் மீண்டும் அனுப்பப்படும். மின்னஞ்சலுக்கு அதனால் நட்டமில்லை. அச்சகத்தில் ஒரு மோட்டார் மற்றவற்றைவிட 1 மில்லிநொடி பிந்தினால் அந்த வண்ணம் 10 மில்லிமீட்டர் தள்ளி விழும். தள்ளல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமானால், நேரப் பிசகு 10 மைக்ரோநொடியைத் தாண்டக் கூடாது.

தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். சுற்றுக்குச் சுற்று மாறும் தாமதத்தைக் கழிக்க வழியில்லை. கேபிளின் வேகத்தைக் கூட்டினாலும் இந்தச் சிக்கல் தீராது.

2003இல் வெளிவந்த ஈதர்கேட் இதை அழகாகக் கையாள்கிறது. ஒரே சட்டகம் எல்லா மோட்டார் இயக்கிகள் வழியாகவும் ஓடுகிறது. ஒவ்வொன்றும் தன் பங்கை ஓட்டத்திலேயே படித்து, பதிலை எழுதிவிடுகிறது. இயக்கிகளின் கடிகாரங்களும் 1 மைக்ரோநொடிக்குள் ஒத்திருக்கும். கட்டளை வந்ததும் யாரும் பாய்வதில்லை. குறித்த கணத்தில் எல்லா மோட்டார்களும் சேர்ந்து செயல்படுத்துகின்றன. தொலைந்த சட்டகத்தை மீண்டும் கேட்பதுமில்லை, அடுத்த சுற்றில் புதிய மதிப்பு வந்துவிடும். தொடர்ந்து சில சுற்றுகள் தவறினால் இயக்கி பிழை காட்டி இயந்திரத்தை நிறுத்தும்.