கைப்பேசி மட்டும் கொண்டு வேலைக்கு விண்ணப்பித்தல்

வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வுகளுக்கு இணையவழியில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். கணினி இல்லாத இல்லங்களில் இளைஞர்கள் பலர் கைப்பேசியில் படிவத்தை நிரப்பத் தொடங்குகின்றனர். பெயர், பிறந்த நாள், மதிப்பெண் ஆகியவை தடையின்றிச் செல்கின்றன. கையொப்பத்தைப் பதிவேற்றும் பக்கம் வந்ததும் படிவம் மறுக்கிறது. கடைசி நாளில் பிரௌசிங் சென்டருக்கு ஓட்டம் பிடிப்பதே அடுத்த கட்டமாகிவிடுகிறது. அவசரத்தில் அங்குள்ளவர் தம்முடைய மின்னஞ்சல் முகவரியையோ கைப்பேசி எண்ணையோ படிவத்தில் இட்டுவிட்டால், பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் தேர்வு அழைப்பு குறித்த செய்தியும் அவருக்கே சென்று சேரும். விண்ணப்பித்தவர் காத்துக்கொண்டே இருப்பார்.

படிவம் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பின் அளவுதான். கைப்பேசி எடுக்கும் ஒரு படம் 3 அல்லது 4 எம்.பி. இருக்கும். ஐ.பி.பி.எஸ். அறிவிக்கைகள் கையொப்பத்துக்குக் கேட்பதோ 10 முதல் 20 கே.பி. மட்டுமே. ஓர் எம்.பி. என்பது ஏறத்தாழ ஆயிரம் கே.பி. ஆகையால், படத்தை இருநூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருக்கிறது. 10 கே.பி.க்குக் கீழே போய்விட்டாலும் படிவம் ஏற்காது. மேல்வரம்பைக் கவனிக்கும் பலர் இக்கீழ்வரம்பைக் கவனிப்பதில்லை.

கையொப்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அறிவிக்கையில் விரும்பத்தக்க அளவாக 140 x 60 பிக்சல் எனக் குறிப்பிடப்பட்டிருக்கும். அதாவது அகலமும் உயரமும் ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கோடில்லாத வெள்ளைத் தாளில் 7 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள கட்டம் ஒன்றைப் பென்சிலால் மெல்லியதாக வரைந்துகொள்ளுங்கள். அதனுள், கட்டத்தை நிரப்பும்படி, கறுப்பு மையில் கையொப்பமிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இடும் கையொப்பம் ஏற்கப்படாது. தேர்வு மையத்திலும் நேர்காணலிலும் இடும் கையொப்பத்தோடு இது ஒப்பிடப்படும் என்பதால், அன்றாடம் வங்கியில் இடும் கையொப்பத்தையே இடுவது நல்லது.

பகல் வெளிச்சத்தில் சன்னலருகே தாளை வைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே கிடையாகப் பிடித்துப் படமெடுங்கள். விளக்கொளியில் எடுத்தால் கையின் நிழல் தாளில் விழும். அந்நிழல் படம் சுருங்கியபின் சாம்பல் நிறக் கறையாகத் தெரியும். ஐபோன் வைத்திருப்போர் Settings பகுதியில் Camera, பின்னர் Formats சென்று Most Compatible என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் படம் HEIC வகையில் பதிவாகும். படிவம் கேட்பது JPG.

அடுத்து, படத்தை முதலில் வெட்டி, அதன் பிறகே சுருக்க வேண்டும். இவ்வரிசை மாறினால், தாளின் வெற்றிடத்துக்கெல்லாம் பிக்சல்கள் செலவாகி, கையொப்பம் எறும்பு ஊர்ந்ததுபோல் மூலையில் கிடக்கும். புகைப்படச் செயலியின் Crop வசதியால், பென்சில் கோடு தெரியாதவாறு அதன் உட்புறமாக வெட்டுங்கள். விகிதம் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

இனிச் சுருக்குதல். படத்தைச் சரியாக 140 x 60 பிக்சலுக்கு மாற்றினால், கோப்பு பெரும்பாலும் 5 கே.பி.யைக்கூட எட்டாது, அளவு போதாதென்று படிவம் திருப்பிவிடும். விகிதத்தைக் காத்து மும்மடங்காக, அதாவது 420 x 180 பிக்சலாக வைத்துச் சேமித்தால், 10க்கும் 20க்கும் இடையே கொண்டுவருவது எளிது. சற்றுக் கூடினால் செயலியின் தரக் குறியீட்டை 90இலிருந்து 80ஆகக் குறைக்கலாம். பிக்சல் அளவும் கட்டாயம் என்று கூறும் படிவங்களில், 140 x 60 என்றே வைத்துத் தரத்தை 100க்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். கோப்பின் அளவைப் படத்தின் விவரப் பகுதியில் காணலாம்.

இப்பணிக்கான செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் இங்கே சுருக்கப்படுவது காசோலையில் இடும் அதே கையொப்பம். இணையத் தொடர்பைத் துண்டித்த பின்னும் இயங்கும் செயலியையே தேர்ந்தெடுங்கள். அது கைப்பேசியிலேயே சுருக்குகிறது, படத்தை வேறெங்கோ அனுப்பிச் சுருக்கவில்லை என்பது அதனால் விளங்கும்.

கைப்பட எழுதும் உறுதிமொழிக்கும் இதே வழிதான். அதன் அளவு 800 x 400 பிக்சல், 50 முதல் 100 கே.பி.; எனவே 16 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள கட்டம் பொருந்தும். அறிவிக்கையில் உள்ள ஆங்கில வாசகத்தை விண்ணப்பிப்பவரே, தம் கையாலேயே எழுத வேண்டும். இதையும் பெரிய எழுத்துகளில் எழுதக் கூடாது. இடக்கைப் பெருவிரல் ரேகைக்குச் சதுரக் கட்டம் போதுமானது.

தனியார் நிறுவனங்கள் முதலில் கேட்பது தன்விவரக் குறிப்பு. அதைக் கைப்பேசியில் ஆயத்தம் செய்ய Google Docs செயலி போதும். கட்டங்களும் வண்ணப் பட்டைகளும் வேண்டா. பெயர், தொடர்பு எண், மின்னஞ்சல், கல்வி, பணி அனுபவம், தெரிந்த மொழிகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முடித்ததும் Share & export, பின்னர் Save as சென்று PDF வகையைத் தேர்ந்தெடுங்கள். Word கோப்பாக அனுப்பினால், பெறுபவரின் கருவியில் எழுத்துருவும் வரியமைப்பும் மாறிவிடக்கூடும்.

பல வேலைவாய்ப்புத் தளங்களில் குறிப்பை முதலில் படிப்பது மென்பொருளே. அழகிய வார்ப்புருவில் அமைத்து, அதைப் படமாகச் சேமித்து ஏற்றினால், அம்மென்பொருளுக்கு எழுத்துகள் தென்படாமல் போகலாம். இதைச் சோதிப்பது எளிது. சேமித்த கோப்பைத் திறந்து உங்கள் பெயரின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெயர் மட்டும் நிறம் மாறித் தேர்வானால் அது எழுத்து; ஒன்றும் நிகழவில்லையெனில் அது வெறும் படமாக இருக்கலாம். கோப்பின் பெயரும் Document(3) என்றிராமல், உங்கள் பெயரைக் கொண்டிருக்கட்டும்.

சான்றிதழ்களை Google Drive செயலியின் ஸ்கேன் வசதியால் எடுத்தால், தாளின் ஓரங்களைத் தானே கண்டறிந்து பி.டி.எஃப். கோப்பாகத் தரும். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் கிடைக்குமாயின், அதையே பதிவிறக்குவது இன்னும் தெளிவு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிப் பெற்ற சான்றிதழைப் பதிவேற்ற வேண்டா. அது வழியிலேயே சுருக்கப்பட்டு, முத்திரையும் பதிவு எண்ணும் மங்கியிருக்கும். Document என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாது.

கடைசியாகக் கட்டணம். கைப்பேசியில் உலாவியிலிருந்து யு.பி.ஐ. செயலிக்குச் சென்று திரும்புகையில், விண்ணப்பப் பக்கம் சில வேளைகளில் மீண்டும் முதலிலிருந்து திறக்கும். பணம் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். படிவமோ கட்டணம் வரவில்லை எனக் காட்டும். உடனே மறுமுறை செலுத்திவிடாதீர்கள். பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் இட்டு மீண்டும் நுழைந்து, கட்டண நிலையைப் பாருங்கள். ரசீது உருவாகியிருந்தால் விண்ணப்பம் முடிந்தது, அதைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். வணிகருக்கான யு.பி.ஐ. பரிமாற்றத்தில் பணம் கழிந்தும் உறுதிப்பாடு சென்றடையாவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பரிமாற்ற நாளை அடுத்த 5 நாட்களுக்குள் அத்தொகை தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆயினும் அப்பணம் திரும்பும்வரை விண்ணப்பத்தின் கடைசி நாள் காத்திராது. ஆகவே இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே கட்டணம் செலுத்துவோருக்கு, முதல் முயற்சி தவறினாலும் இரண்டாவதற்கு அவகாசம் இருக்கும்.