பெயரா, படமா, இரண்டுமா?

2019 ஜனவரியில் மாஸ்டர்கார்டு நிறுவனம் தன் லோகோவிலிருந்து பெயரை எடுத்துவிட்டது. எஞ்சியவை பின்னிக் கிடக்கும் சிவப்பு, மஞ்சள் வட்டங்கள் மட்டுமே. பெயர் இல்லாமலே பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அவற்றை அடையாளம் காண்கிறார்கள் என்று ஆய்வில் தெரிந்த பிறகுதான் இந்த முடிவு. அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வட்டங்களும் பெயரும் சேர்ந்தே வலம்வந்தன.

புதுத் தொழிலுக்கு அந்த ஐம்பது ஆண்டுகள் இல்லை.

கோவையில் மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் படத்தை மட்டும் லோகோவாக வைத்தால், அது பெரும்பாலும் எண்ணெய்த் துளியாகவோ நிலக்கடலையாகவோ இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் பாட்டிலிலும் அதே துளிதான். அதைவிடப் பெரிய சிக்கல், பிடித்துப்போன வாடிக்கையாளர் மறுமுறை மளிகைக் கடையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்பது.

பெயரையே லோகோவாக்கினால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் பெயர் குறுகியதாகவும் தனித்துவமாகவும் இருக்க வேண்டும். 1994-ல் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் பெயரை ஐந்தே எழுத்தில் ஃபெடெக்ஸ் என்று சுருக்கிக்கொண்டது. அதனால்தான் லிண்டன் லீடர் என்ற வடிவமைப்பாளரால் கடைசி இரண்டு எழுத்துகளின் இடைவெளியில் ஓர் அம்பை ஒளித்துவைக்க முடிந்தது. 'சுத்தமான மரச்செக்கு எண்ணெய்' என்று பெயர் வைத்தால் சிறிய பாட்டிலில் படிக்க முடியாது. பொருளை வெறுமனே விவரிக்கும் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வதும் கடினம். தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மேலே இகரக் கொக்கி, கீழே உகரச் சுழி என்று எழுத்து இருபுறமும் நீள்வதால், ஒரே உயரப் பட்டையில் ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயர் சிறுத்துத் தெரியும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும்.

பெயரும் படமும் சேர்ந்த லோகோ புதியவர்களுக்கு வசதியானது. வேலையும் அதில்தான் அதிகம். பெயர்ப் பலகைக்குப் பக்கவாட்டு அமைப்பு, லேபிளுக்கு மேல்கீழ் அமைப்பு, வாட்ஸ்அப் வட்டத்துக்குப் படம் மட்டும் என்று மூன்று வடிவங்கள் வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒற்றை நிறத்தில் அச்சடித்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். நிறக் கலவையை நம்பி வரைந்த படம் அங்கே வெறும் கறையாகிவிடும்.

பதிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, கூட்டு லோகோவைப் பதிவு செய்தால் பாதுகாப்பு அந்த முழு வடிவத்துக்குத்தான். உள்ளே உள்ள பெயருக்கென்று தனி உரிமை கிடைப்பதில்லை. பெயருக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். சமையல் எண்ணெய் 29-வது வகுப்பில் வருகிறது. கையில் ஒரு விண்ணப்பத்துக்கே பணம் இருந்தால், எண்ணெய்க்காரர் முதலில் பெயரைப் பதிவு செய்யலாம். படத்தைப் பின்னால் மாற்றினாலும் அந்தப் பதிவு அப்படியே நிற்கும்.