வகுப்புக் குழு மூடும் முன்: வீட்டுப்பாடத்தை எடுத்துவைக்க ஓர் அறிவிப்பு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, ஏப்ரல் கடைசியில் வகுப்பின் வாட்ஸ்அப் குழு மூடப்படும். ஜூன் மாதம் புதிய வகுப்பாசிரியர் புதிய குழுவைத் தொடங்குவார். மூடுவதற்கு முன் பெற்றோருக்குப் போகும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே வரிதான்: தேவையான வீட்டுப்பாடங்களைச் சேமித்துக்கொள்ளவும். எதை, எப்படி, எந்த வரிசையில் என்பது அதில் இருக்காது. ஒன்பதாம் வகுப்புக் குழு என்றால் இது சின்ன விஷயமில்லை. பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போது, முந்தைய ஆண்டு ஆசிரியர் கரும்பலகையில் போட்டுப் படமெடுத்து அனுப்பிய இயற்கணிதக் கணக்குகளைத் தேடுகிற பிள்ளைகள் உண்டு.

குழுவை மூடும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் அறிவிப்பில் என்ன எழுத வேண்டும் என்பது தானே தெளிவாகும். வகுப்புக் குழுக்கள் மூடப்படும் வழக்கமான முறையில், அட்மினாக இருக்கும் ஆசிரியர் பெற்றோரை ஒவ்வொருவராக நீக்கிவிட்டுக் கடைசியில் தானும் வெளியேறுவார். நீக்கப்பட்டவரின் போனில் பழைய செய்திகள் அப்படியே இருக்கும். புதிதாக எதையும் அனுப்ப முடியாது, புதிதாக எதுவும் வராது, அவ்வளவுதான். ஆகவே குழு மூடியதும் எல்லாம் அழிந்துவிடும் என்ற பயம் சரியல்ல.

இழப்பு வேறு இரண்டு இடங்களில் நேர்கிறது. முதலாவது, மூடிய குழு போனில் சும்மா கிடக்கிறதே என்று பெற்றோரே அதை நீக்குவது. அப்போது ஆண்ட்ராய்டு போனில், கேலரியில் உள்ள படங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் வரும். அதைப் பார்க்காமல் சரி என்று தட்டிவிட்டால் ஓராண்டுப் படங்களும் போய்விடும். இரண்டாவது, போனில் ஒருபோதும் இறங்காத படங்கள். டேட்டாவை மிச்சப்படுத்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவைத்திருக்கும் வீடுகளில், ஆசிரியர் அனுப்பிய படம் மங்கலாகக் கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் நிற்கும். அப்போதே தட்டியிருந்தால் இறங்கியிருக்கும். பல வாரங்களுக்குப் பிறகு தட்டினால் சர்வரில் அது இருக்காது. அனுப்பியவரிடமே மறுபடி கேட்கும்படி போன் சொல்லிவிடும். குழு மூடிய பிறகு அங்கே கேட்க வழியில்லை. குழு மூடுவதற்கும் சேமிப்புக்கும் உள்ள உண்மையான தொடர்பு இதுதான்.

இதனால் அறிவிப்பை எழுதும் முன் ஆசிரியரின் போனிலேயே இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழுவின் பெயரைத் தட்டினால் வரும் பக்கத்தில் Disappearing messages என்று ஒன்று உண்டு. அது 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று ஏதாவது ஒரு கெடுவில் இருந்தால், செய்திகள் அந்தக் கெடு முடிந்ததும் தாமாக மறையும். 90 நாள் என்றிருந்தால் ஏப்ரலில் பார்க்கும்போது அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய பாடம் எதுவும் மிஞ்சியிருக்காது. அதை அணைப்பதால் போனவை திரும்பா. இனி வருபவை மட்டும் நிற்கும். அதே பக்கத்தில் Advanced chat privacy என்பதும் இருக்கும். 2025 ஏப்ரலில் வந்த இந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால், உறுப்பினர் யாரும் உரையாடலைக் கோப்பாக வெளியே எடுக்க முடியாது. பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக "எங்க போன்ல வரமாட்டேங்குது மேடம்" என்று சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சேமிக்கும் வழிகளில் பெற்றோருக்கு மிகவும் பயன்படுவது Export chat. ஆண்ட்ராய்டில் குழுவைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, More என்பதற்குள் போனால் அது இருக்கும். ஐபோனில் குழுவின் பெயரைத் தட்டி, வரும் பக்கத்தின் அடிவரை போக வேண்டும். போனைத் தமிழில் வைத்திருந்தால் சொற்கள்தான் வேறு, இடம் ஒன்றே. தட்டியதும் படங்களோடு வேண்டுமா, படங்கள் இல்லாமல் வேண்டுமா என்று கேட்கும். போனில் இடமில்லாத பலர் படங்கள் இல்லாததைத் தேர்ந்தெடுப்பார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு நாள் வீட்டுப்பாடத்தை வைத்துப் பார்க்கலாம். நவம்பர் 12 அன்று ஆசிரியர் மூன்று செய்திகள் அனுப்பியிருக்கிறார் என்று கொள்வோம். படங்களோடு எடுத்த கோப்பில் அவை இப்படித் தெரியும்:

```
12/11/24, 5:42 pm - ஆசிரியர்: கணக்கு, பயிற்சி 3.2
12/11/24, 5:43 pm - ஆசிரியர்: IMG-20241112-WA0004.jpg (file attached)
12/11/24, 5:44 pm - ஆசிரியர்: படத்தில் உள்ள 4 கணக்கும் நோட்டில்
```

படங்கள் இல்லாமல் எடுத்தால் நடுவரியில் `<Media omitted>` என்று மட்டும் இருக்கும். எந்த நான்கு கணக்கு என்பதற்கு அங்கே விடை இல்லை. ஆசிரியர்களின் வீட்டுப்பாடச் செய்திகளில் பல ‘மேலே உள்ள படம்’, ‘இந்த ஆடியோவைக் கேட்டு’ என்ற வகைதான். எனவே வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை படங்களோடு எடுப்பது ஒன்றே பொருளுள்ள தேர்வு. நடுவரியில் வரும் படப் பெயரையும் கவனிக்கலாம். IMG என்பதை அடுத்து ஆண்டு, மாதம், நாள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பெயரிலேயே படமும் கோப்போடு வரும். படம் தனியே பிரிந்துபோனாலும் எந்த நாள் பாடம் என்று பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

போனில் இறங்காத படம் இந்தக் கோப்பில் வராது. முதலில் குழுவில் பின்னோக்கிப் போய் மங்கலான படங்களைத் தட்டித் திறப்பது, அதன் பிறகே Export chat என்ற வரிசை அறிவிப்பில் அழுத்தமாக இருக்க வேண்டியது இதனால்தான். வரிசை மாறினால் கோப்பு வந்துவிடும், பார்க்க முழுமையாகவும் தோன்றும்; ஓட்டை எங்கே என்பது அடுத்த ஆண்டுதான் தெரியும்.

அளவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. படங்களோடு எடுக்கும்போது கடைசி 10,000 செய்திகள் வரையே வரும் என்று வாட்ஸ்அப் சொல்கிறது. படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000. ஒரு நாளைக்கு 30 செய்தி, 210 வேலை நாள் என்று கணக்கிட்டால் 6,300தான் ஆகும், கவலையில்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் நாற்பது பேரும் ‘நன்றி மேடம்’ போடும் குழுவில் பத்தாயிரத்தை எளிதில் தாண்டிவிடும், அப்போது வெட்டுப்படுவது ஜூன், ஜூலை மாதப் பாடங்கள். கோப்பைத் திறந்ததும் முதல் வரியின் தேதியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி ஆண்டுத் தொடக்கத்திலேயே அமைத்த குழுக்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

எடுத்த கோப்பை எங்கே அனுப்புவது என்பது அடுத்தது. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பிக்கு மேல் போகாது. ஓராண்டுப் படங்கள் அதைத் தாண்டும். பகிரும் பட்டியலில் கூகுள் டிரைவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதை வாட்ஸ்அப்பை மறுபடி நிறுவும்போதுதான் மீட்க முடியும். ஒரு குழுவை மட்டும் பிரித்தெடுக்கவோ கணினியில் திறந்து படிக்கவோ முடியாது. ஏற்றுமதிக் கோப்பு இதற்கு நேர் எதிர்: எந்தக் கருவியிலும் படிக்கலாம், வாட்ஸ்அப்புக்குள் மட்டும் திரும்ப ஏற்ற முடியாது. மனப்பாடப் பாடலை ஆசிரியர் சொல்லி அனுப்பிய ஆடியோக்கள் ஓபஸ் வகையில் இருக்கும். கணினியில் அவை திறக்காவிட்டால் விஎல்சி போன்ற பிளேயரில் திறக்கும்.

இவ்வளவையும் பெற்றோருக்கு அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். அறிவிப்பில் செய்ய வேண்டியது மட்டும், கெடு நாளோடு இருந்தால் போதும். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். நமது 9-ஆம் வகுப்புக் குழு ஏப்ரல் 30 மாலை மூடப்படும். வீட்டுப்பாடங்களை எடுத்துவைக்க விரும்புவோர் முதலில் குழுவில் மேலே போய், திறக்காத படங்களைத் தட்டித் திறக்கவும். தட்டியும் திறக்காத படம் இருந்தால் அதன் தேதியை ஏப்ரல் 25-க்குள் எனக்குத் தனியாக அனுப்பவும், மறுபடி அனுப்புகிறேன். பிறகு மூன்று புள்ளி, More, Export chat, Include media என்று போய் டிரைவில் சேமிக்கவும். ஐபோன் வைத்திருப்பவர்கள் குழுவின் பெயரைத் தட்டினால் அடியில் இருக்கும். அங்கே Attach media என்று வரும். சேமித்த கோப்பைத் திறந்து, ஜூன் மாதப் பாடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழுவை போனிலிருந்து நீக்கவும். மற்ற பெற்றோரின் எண்கள் அதில் இருப்பதால் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்."

இதில் இரண்டு தேதிகள் இருப்பது வேண்டுமென்றே. ஒரே தேதி கொடுத்தால் எல்லோரும் ஏப்ரல் 30 மாலைதான் குழுவைத் திறப்பார்கள். காணாமல்போன படத்தைக் கேட்க அவகாசம் இருக்காது. அறிவிப்பு ஏப்ரல் நடுவிலேயே போவது நல்லது. குழுவின் மேல்பகுதியில் அதைப் பின் செய்து 30 நாள் என்று வைத்தால் மற்ற செய்திகளுக்குள் புதையாது. குழுவில் இருக்கும் போன் பல வீடுகளில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் தேதிகளை மட்டும் பிள்ளைகளின் டைரியிலும் எழுதச் சொல்வது ஆசிரியர்கள் அறிந்த பழைய உபாயம், இன்னும் வேலை செய்கிறது.

மாதிரி அறிவிப்பின் கடைசி வரியில் உள்ள எச்சரிக்கை அலங்காரத்துக்கு அல்ல. ஏற்றுமதிக் கோப்பில் பாடம் மட்டும் வருவதில்லை. போனில் பெயர் பதியாத பெற்றோரின் எண்கள், யார் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது, யார் கட்டணத்துக்குக் கெடு கேட்டார் என்பதெல்லாம் வரிவரியாக வரும். நடு ஆண்டில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளையின் பெற்றோர் பழைய பாடங்களுக்காக இன்னொரு வீட்டின் கோப்பைக் கேட்பது இயல்பு. கொடுப்பதில்தான் சிக்கல். அவர்களுக்கு ஆசிரியரே உதவுவது எளிது. ஆசிரியரின் ஆண்ட்ராய்டு போனில் WhatsApp Images என்ற கோப்புறைக்குள் Sent என்று ஒன்று இருக்கும், அவர் அனுப்பிய படங்கள் அங்கே தங்கியிருக்கும். ஆசிரியரின் சொந்தப் படங்களும் மற்றவர்களுக்கு அனுப்பியவையும் அதில் கலந்திருக்கும் என்பதால், பாடப் படங்களை மட்டும் பொறுக்கி டிரைவில் பாடவாரியாக ஒரு கோப்புறையில் போட்டு, பார்க்க மட்டும் அனுமதி தந்து இணைப்பை அனுப்பலாம். ஒரு மாலை நேர வேலை. போனில் இடம் இல்லாத பெற்றோருக்கும் அந்த இணைப்பே போதும். அவர்கள் Export chat பக்கமே போக வேண்டியதில்லை.