நிற்கும் புல், படுத்த புல்

மழை கொட்டும்போது சாலையோரப் புல்வாய்க்கால் ஒன்றின் அருகே குடையோடு நின்று பாருங்கள். முதலில் தண்ணீர் புல்லுக்கு இடையே நெளிந்து நெளிந்து போகும். ஒவ்வொரு தண்டும் அதைச் சற்று மறிக்கும். மழை வலுத்து நீர்மட்டம் புல்லின் தலைக்கு மேல் ஏறியதும், வாரிவிட்ட கூந்தல் போல மொத்தப் புல்லும் ஒரே பக்கம் படுத்துவிடும். அதன்பின் தண்ணீர் அதன்மேல் வழுக்கி ஓடும். வாய்க்காலை வடிவமைப்பவர் இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டாக வேண்டும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில், புல் வளர்த்த வாய்க்கால்களில் தண்ணீரைத் திறந்துவிட்டு 1940-களில் இதை அளந்தார்கள். ஓட்டம் பெருகப் பெருகப் புல்லின் தடை குறைந்துகொண்டே போவது தெரிந்தது. இப்படிச் சோதிக்கப்பட்ட புற்களில் பெர்முடா புல்லும் ஒன்று. அது வேறெதுவும் இல்லை, நம் அருகம்புல்தான். மண் அரிபடாமல் அதிக வேகத்தைத் தாங்கும் புற்களின் வரிசையில் அதற்கு முதலிடம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 200 மீட்டர் நீளச் சாலை. அதிலிருந்து 10 மீட்டர் அகலத்துத் தண்ணீர் வாய்க்காலுக்கு வருகிறது. மணிக்கு 50 மி.மீ. வீதம் மழை பெய்தால், வாய்க்காலின் கடைசியில் வினாடிக்குச் சுமார் 25 லிட்டர் ஓடும். அடி அகலம் 60 செ.மீ.; கரை ஒரு மீட்டர் உயர மூன்று மீட்டர் விலகும் அளவுக்குச் சாய்வு; வாட்டம் 4 விழுக்காடு, அதாவது 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறக்கம்.

புல் உயரமாக நிமிர்ந்து நிற்கும்போது, பொறியாளர்கள் மேனிங் எண் என்று சொல்லும் தடையளவு 0.2 என்று வைப்போம். நீர் 13 செ.மீ. ஆழத்தில், வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் போகும். வண்டல் படிவதற்கு வேகம் வினாடிக்கு 30 செ.மீ. தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஆகவே இது போதும். அதே புல்லை ஒட்ட வெட்டிவிட்டால் தடை 0.035-க்கு இறங்கும். ஆழம் 5 செ.மீ.தான், வேகமோ 68 செ.மீ. மழை இரட்டிப்பானால் 85 செ.மீ.யைத் தொடும். நன்றாக வேர்பிடித்த அருகு இதைத் தாங்கும். நட்டு மூன்று வாரமே ஆன புல்லும் வெறும் மண்ணும் தாங்காது. அதனால் புல்லை மழைக்காலத்துக்கு முன்பே வேர்பிடிக்கச் செய்ய வேண்டும்.

வாட்டம் 2 விழுக்காட்டைத் தாண்டினால் புல்லை மட்டும் நம்ப முடியாது. குறுக்கே சிறு தடுப்பணைகள் வேண்டும். கீழ் அணையின் தலைமட்டமும் மேல் அணையின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி அவற்றை வைக்க வேண்டும். 30 செ.மீ. உயர அணை என்றால், 4 விழுக்காட்டு வாட்டத்தில் 7.5 மீட்டருக்கு ஒன்று வரும். கொத்தனாரின் டியூப் லெவலே இதைச் சரிபார்க்கப் போதும். ஒவ்வோர் அணைக்குப் பின்னும் ஏறத்தாழ 1,350 லிட்டர் தேங்கும். 200 மீட்டருக்கு 26 அணைகள், மொத்தம் 35,000 லிட்டர். 20 மி.மீ. மழையில் அந்தச் சாலை தரும் தண்ணீர் ஏறக்குறைய அவ்வளவுதான். சியாட்டில் நகரின் வடமேற்கு 110-ஆவது தெருவில் இப்படிப் படிப்படியாகக் குட்டைகள் அமைத்துத்தான் சரிவில் இறங்கும் மழைநீரை நிதானப்படுத்தினார்கள்.

அணைகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் தோற்கும். தலை சமமாக இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் வழி தேடிக் கரையைக் குடைந்துவிடும். ஆகவே நடுப்பகுதி இரு ஓரங்களைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், ஓரங்கள் கரைக்குள் புதைந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் வாய்க்கால் அரை மீட்டர் ஆழம் வேண்டும், மேல்வாய் 3.6 மீட்டர் அகலமாகிவிடும். நெருக்கமான தெருக்களில் இது நடக்காததற்கு முதல் காரணம் இந்த இடம்தான். தண்ணீர் விழும் அணையடியில் கல் பரப்பாவிட்டால் அங்கே குழி விழும். அந்தக் குழி மழைக்கு மழை பின்னோக்கி ஏறி அணையையே சாய்த்துவிடும். பெருமழை ஓய்ந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

தேங்கிய நீர் ஓரிரு நாளில் வடிந்தால் கொசு பெருகாது. வேலை தொடங்குமுன் ஒரு குழி தோண்டி, மண் ஊறும்வரை நீர் ஊற்றி, பிறகு நிரப்பிப் பாருங்கள். ஒரு நாளில் 30 செ.மீ. இறங்கினால் மண் தோது. களிமண் என்றால் அணையைத் தாழ்வாகக் கட்டி, அடியில் கசிவுக்குச் சரளை வைக்க வேண்டும்.

சாலை விளிம்பில் பலர் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. புல்தரையைச் சாலையோடு சமமாக முடித்தால், ஆண்டுக்காண்டு வண்டல் ஏறி அது சாலைக்கு மேல் உயர்ந்துவிடும். தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் தார் விளிம்போடு ஓடி, கீழே ஒரே இடத்தில் மொத்தமாகப் பாயும். அதனால் தொடக்கத்திலேயே விளிம்பு 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி தூர்ந்துவிட்டால் புல்லை மண்ணோடு சீவியெடுத்து, விளிம்பைத் தாழ்த்தி, அதே புல்லை மறுபடி பதிக்கலாம். அருகு ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும்.