நலிந்த நகங்களுக்கு நகப்பூச்சு: குப்பி சொல்வதும் சொல்லாததும்

கீமோதெரபி முடித்தவர்களும், தைராய்டு குறைபாட்டுக்கோ இரும்புச்சத்துக் குறைவுக்கோ சிகிச்சை பெறுபவர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நகம் ஏடு ஏடாகப் பிரிகிறது, நுனி உடைகிறது. இந்நிலையில் நகப்பூச்சு இட்டுக்கொள்ளலாமா? இடலாம் என்றால் எதை வாங்குவது? கடையில் ‘மூன்று இல்லை’, ‘ஐந்து இல்லை’, ‘பத்து இல்லை’ என்று எழுதிய குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அருகில் ‘அசிட்டோன் இல்லாதது’ என்ற நீக்கியும் இருக்கிறது. இந்தச் சொற்கள் எதைக் குறிக்கின்றன, நலிந்த நகத்துக்கு அவை எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதை இங்கே விளக்குகிறோம்.

குப்பிக்குள் இருப்பவை

எந்த நிறமாயினும் சாதாரண நகப்பூச்சின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். காய்ந்தபின் நகத்தின்மீது படலமாக நிற்பது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். அது தனியாக நகத்தில் நன்கு ஒட்டாது, பளபளப்பும் குறைவு. எனவே ரெசின் என்னும் பிசின் சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டு மட்டும் இருந்தால் படலம் விறைத்து வெடிக்கும்; அது வளைந்துகொடுப்பதற்காக நெகிழ்வூட்டி ஒன்று சேர்க்கப்படுகிறது. இவற்றோடு நிறமி. இவை அனைத்தையும் திரவமாக வைத்திருப்பவை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள். பூசிய சில நிமிடங்களில் கரைப்பான் ஆவியாகிவிடும். மற்றவை நகத்தின்மீது தங்கும்.

‘மூன்று இல்லை’ என்பது டொலுயீன் என்ற கரைப்பான், டைபியூட்டில் தாலேட் என்ற நெகிழ்வூட்டி, ஃபார்மால்டிஹைடு ஆகிய மூன்றும் சேர்க்கப்படவில்லை என்பதைக் குறிக்கும். இவற்றுள் டைபியூட்டில் தாலேட்டை ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் பயன்படுத்தக் கூடாதெனத் தடைசெய்துள்ளது. ‘ஐந்து இல்லை’ என்றால் பொதுவாகக் கற்பூரமும் ஃபார்மால்டிஹைடு ரெசினும் அந்தப் பட்டியலில் சேரும். அதற்கு மேற்பட்ட எண்களுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘பத்து’ம் மற்றொரு நிறுவனத்தின் ‘பத்து’ம் ஒரே பத்துப் பொருள்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண் பெரிதாக இருப்பதனாலேயே பூச்சு மென்மையானது என்று முடிவு செய்ய இயலாது.

எழுதப்பட்டதற்கும் உள்ளிருப்பதற்கும் இடையே வேறுபாடு இருந்ததும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் அழகு நிலையங்களில் பயன்படும் பூச்சுகளைச் சோதித்தது. டொலுயீன் இல்லை என்று கூறிய 12 பூச்சுகளில் 10-இல் டொலுயீன் காணப்பட்டது. இன்னொரு சிக்கல், நீக்கப்பட்ட பொருளின் இடத்துக்கு வருவது எது என்பது. டைபியூட்டில் தாலேட்டுக்கு மாற்றாகச் சில நிறுவனங்கள் டிரைஃபீனைல் பாஸ்பேட்டைச் சேர்த்தன. பூச்சு இட்டுக்கொண்ட பெண்களின் சிறுநீரில் 10 முதல் 14 மணி நேரத்துக்குப் பின் அப்பொருளின் சிதைவுப் பொருள் கூடியிருந்ததை டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது. அதனால் உடலுக்கு என்ன தீங்கு நேரும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆயினும், ஒன்று ‘இல்லை’ என்ற சொல், அதன் இடத்தில் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு இது சான்று.

தடிப்பு விரலில் வருவதில்லை

நோயாளிகள் உண்மையாகவே பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: டோசிலமைடு. நகப்பூச்சு ஒவ்வாமைக்கு நெடுங்காலமாக முதன்மைக் காரணமாக அறியப்படுவது டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசின். இதன் இயல்பு வியப்பானது. விரல் நுனியின் தோல் தடித்தது. அங்கே பெரும்பாலும் எதுவும் தெரியாது. பூச்சு முழுமையாகக் காயுமுன் விரல்கள் கண்ணையும் கழுத்தையும் தொடுகின்றன. அங்கேயுள்ள மெல்லிய தோலில் அரிப்பும் சிவப்பும் செதிலும் தோன்றுகின்றன. கண் இமை தடித்து வருபவர் கண்மையையும் சோப்பையும் மாற்றிப் பார்ப்பார், நகப்பூச்சை ஐயுறமாட்டார்.

‘மூன்று இல்லை’ பூச்சில் இந்த ரெசின் இருக்கக்கூடும். ஏனெனில் இது ஃபார்மால்டிஹைடைக் கொண்டு செய்யப்பட்டாலும் வேறு பொருளாகிய பிசின்; ஃபார்மால்டிஹைடு இல்லை என்ற வாசகம் இதைத் தடுப்பதில்லை. ஆகவே இமையிலோ கழுத்திலோ காரணம் தெரியாத தடிப்பு உள்ளவர்கள் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலில் டோசிலமைடு என்று தொடங்கும் பெயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனையால் ஐயத்தை உறுதிப்படுத்தலாம்.

நகத்தைக் கெட்டியாக்கும் என்று விற்கப்படும் பூச்சுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவற்றுள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடே வேலை செய்யும் பொருள். அது நகத்தின் கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. முதல் சில வாரங்கள் நகம் உறுதியாகத் தோன்றும். பயன்பாடு தொடர்ந்தால் பிணைப்பு மிகுந்து, வளையும் தன்மை போய், நகம் முன்பைவிட எளிதில் முறியும். முதலில் கிடைத்த பலனை நம்பி மேலும் பூசுவதே வழக்கமாக நிகழும் தவறு.

அசிட்டோனா, அசிட்டோன் இல்லாததா?

நலிந்த நகம் பூச்சினால் கெடுவதைவிடப் பூச்சை அகற்றும்போதே மிகுதியாகக் கெடுகிறது. நகத்தில் சிறிதளவு நீரும் மிகச் சிறிதளவு கொழுப்பும் உள்ளன. அவையே நகத்தின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கவும் வளையவும் உதவுகின்றன. அசிட்டோன் பூச்சை மிக விரைவாகக் கரைக்கிறது. அதே வேகத்தில் நகத்தின் கொழுப்பையும் எடுத்துச் செல்கிறது. துடைத்தபின் நகம் வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிவது இதன் அடையாளம்.

‘அசிட்டோன் இல்லாத’ நீக்கிகளில் பெரும்பாலும் இருப்பது எத்தில் அசிட்டேட். அதாவது, பூச்சின் குப்பிக்குள் முன்பே இருந்த அதே கரைப்பான். அதுவும் கொழுப்பை எடுக்கும். ஆனால் அசிட்டோனைவிடக் கடுமை குறைவு. அதன் குறை அது மெதுவாக வேலை செய்வது. பொறுமையின்றி அழுத்தித் தேய்த்தால் பிரிந்து நிற்கும் ஏடுகள் உரிந்துவிடும். எனவே நலிந்த நகத்துக்கு அசிட்டோன் இல்லாததே ஏற்றது. ஆனால் தேய்க்காமல் ஊறவிடுபவருக்கே அதன் பயன் கிடைக்கும். மினுக்குத் துகள் கலந்த பூச்சும் அடர்நிறப் பூச்சும் எளிதில் வாரா. நகம் தேறும்வரை வெளிர்நிறப் பூச்சையே கொள்வது நல்லது.

புற ஊதா விளக்கில் காயவைக்கும் ஜெல் பூச்சு வேறு வகை. அதை அசிட்டோன் இல்லாத நீக்கியால் அகற்ற இயலாது. அசிட்டோனில் பல நிமிடம் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். ஆகவே நகம் நலிந்திருக்கும் காலத்தில் ஜெல் பூச்சைத் தவிர்க்குமாறு சொல்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவருக்குக் கடைசிக் கீமோதெரபி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் சில வாரங்களில் மகளின் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம் தெரிகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. எனவே பள்ளம் நகத்தின் அடியிலிருந்து சுமார் 9 மில்லிமீட்டர் தள்ளி வந்திருக்கும். பள்ளத்துக்குப் பின்னால் இருப்பது சிகிச்சைக்குப் பின் வளர்ந்த நகம். முன்னால் இருப்பது சிகிச்சைக் காலத்தில் உருவான நலிந்த நகம், உடைவது அதுவே.

அவர் வாரந்தோறும் நிறம் மாற்றும் பழக்கம் உள்ளவர் என்றால் கணக்கு இப்படி அமையும். அடியில் தோன்றும் நகம் நுனியை அடைய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதற்குள் நுனி 26 முறை நீக்கியைச் சந்தித்திருக்கும். அடிப்பகுதி ஓரிரு முறை மட்டுமே. ஏடு பிரிதல் நுனியில் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினால் அந்த எண்ணிக்கை பாதியாகும். இடையில் பூச்சு பெயர்ந்தால் அகற்றாமல் அதே நிறத்தை அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கலாம்.

அவருக்கு நாங்கள் சொல்வது இதுதான். நகத்தை விரல் நுனியளவுக்குக் குட்டையாக வெட்டுங்கள். திருமணத்துக்கு டோசிலமைடு இல்லாத வெளிர்நிறப் பூச்சை ஒருமுறை இடுங்கள். அதை அகற்றியபின் பள்ளம் வளர்ந்து வெட்டுப்படும்வரை, அதாவது இன்னும் சில மாதங்கள், நகத்தை வெறுமையாக விடுங்கள்.

அகற்றும் முறை

நீக்கியில் நனைத்த பஞ்சை நகத்தின்மீது வைத்து, 20 முதல் 30 நொடி அழுத்தாமல் பிடித்திருங்கள். பின்னர் அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். போகாத இடத்தில் புதுப் பஞ்சால் மீண்டும் பிடியுங்கள். பூச்சை நகத்தால் கீறி உரிக்க வேண்டாம். முடிந்ததும் கையைக் கழுவி, ஈரம் முற்றிலும் காயுமுன் நகத்திலும் அதைச் சுற்றிய தோலிலும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். இருவகை நீக்கியும் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி ஆகியவற்றுக்கு அருகில் குப்பியைத் திறக்காதீர்கள். சன்னல் திறந்த அறையில் பயன்படுத்தி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.

பூசக் கூடாத நிலைகள்

நகம் படுக்கையிலிருந்து தூக்கி நிற்றல், அழுத்தினால் வலி, சீழ், பச்சை நிறம், புதிதாகத் தோன்றிய கருங்கோடு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பூச்சு இடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்லிடாக்சல், டோசிடாக்சல் மருந்துகள் பெறுபவர்களுக்கு நகம் தூக்கிக்கொள்வது அறியப்பட்ட பக்க விளைவு; பூச்சு அதை மறைத்துவிடும். அவர்கள் சிகிச்சை முடியும்வரை தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டபின்பே பூச வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் முந்தைய நாளே பூச்சை அகற்றிவிட்டு வாருங்கள். இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவி விரல் நுனியின் வழியே ஒளியைச் செலுத்துகிறது. அடர்நிறப் பூச்சு அந்த அளவைப் பிழையாக்கக்கூடும். வார்டில் அவசரமாகத் தேய்த்து எடுக்கும் நிலை வந்தால், நலிந்த நகமே அதற்கு விலை கொடுக்க நேரும்.